மாதம் 12 வீடியோ: எதை நிலையாக வைப்பது, எதைச் சுழற்றுவது?

மாதத் திட்டம் போட உட்காரும் ஃபிட்னஸ் பயிற்சியாளர் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசப்போகிறோம்? அதை எந்த உருவத்தில் தரப்போகிறோம்? முதல் கேள்விக்கான விடைதான் தலைப்புத் தூண். வலிமை, மூட்டு அசைவு, தூக்கம் என்று நம் சேனல் திரும்பத் திரும்பத் தொடும் சில பெரிய பொருள்கள் அவை. இரண்டாவது கேள்விக்கான விடை வடிவம். ஒரு பயிற்சியை ஒன்றரை நிமிடத்தில் பிரித்துக் காட்டுவது ஒரு வடிவம். வாடிக்கையாளர் கேட்டதற்குக் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்வது இன்னொன்று. பார்ப்பவரும் கூடவே செய்யும்படி 12 நிமிடப் பயிற்சி நடத்துவது மற்றொன்று.

இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பவர் சீக்கிரம் களைத்துப்போகிறார். நோட்டுப் புத்தகத்தில் முப்பது தலைப்புகள் இருக்கும். ஆனாலும் ஷூட் செய்யும் காலையில் கேமரா எங்கே நிற்க வேண்டும், எப்படித் தொடங்குவது, எவ்வளவு நீளம் போவது என்ற கேள்விகளெல்லாம் மறுபடி முளைக்கும். ஆகவே ஒன்றை நிலையாகக் கட்டிவிட்டு மற்றதை அதன்மேல் ஓடவிட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: வாரத்துக்கு ஒரு தூண், கிழமைக்கு ஒரு வடிவம், மாதம் முழுக்க ஒரே தொடர். தனியாக வேலை செய்யும் பயிற்சியாளருக்கு இரண்டாவதுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அது சிறிய இடம். ஃபிட்னஸுக்கே உரிய ஒரு விதிவிலக்கும் உண்டு. அதை விட்டுவிட்டால் இரண்டாவது வழியும் தவறாகப் போகும்.

ஒப்பிட ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். அவருடைய வாடிக்கையாளர்கள் 40 முதல் 55 வயதுக்காரர்கள், நாள் முழுக்க மேசை முன் உட்காருபவர்கள், பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி உடற்பயிற்சிக்கு வந்தவர்கள். காலையும் மாலையும் அவர்களுக்கு வகுப்பெடுத்தது போக, வீடியோவுக்கு வாரம் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. ஷூட், எடிட்டிங், அப்லோட் எல்லாம் அவர் ஒருவர்தான்.

ஐந்து மணி நேரம் எங்கே போகிறது

எந்தத் திட்டத்தையும் எடை போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். நம் பயிற்சியாளர் ஒரு அசைவைப் பிரித்துக் காட்டும் 90 விநாடி வீடியோ செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்வது என்று எழுத 15 நிமிடம். பக்கவாட்டில் ஒரு கோணம், முன்னாலிருந்து ஒரு கோணம், தவறாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு முறை, சரியாக ஒரு முறை என ஷூட் 25 நிமிடம். துண்டுகளை ஒட்டி, திரையில் எழுத்துப் போட்டு, தேவையான இடத்தை மெதுவாக ஓட்டி எடிட் செய்ய ஒரு மணி நேரம். ஆக 100 நிமிடம்.

கேள்வி-பதில் வீடியோவுக்கு யோசிக்க 10, பேச 10, வெட்ட 25 என்று 45 நிமிடம் போதும். சேர்ந்து செய்யும் 12 நிமிடப் பயிற்சிக்கு வரிசையைத் திட்டமிட 30 நிமிடம், ஒரே ஓட்டமாக எடுக்க, முன்பின் ஏற்பாட்டோடு சேர்த்து, 30 நிமிடம், கடிகாரமும் பெயர்களும் ஒட்ட 40 நிமிடம். அதுவும் 100 நிமிடம்தான். மூன்றுக்கும் தலைப்பு, தம்ப்நெயில், அப்லோட் எனத் தலா 15 நிமிடம் சேர்த்தால் 290 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் மிச்சம். வாரம் மூன்று வீடியோ என்ற எண்ணிக்கை இப்படித்தான் வருகிறது. 'தினம் ஒன்று போட்டால்தான் வளர முடியும்' என்று யாரோ சொன்னதிலிருந்து வரக் கூடாது. உங்கள் கையில் இந்த நிமிடங்கள் வேறாக இருக்கலாம். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தாலே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. 90 விநாடி வீடியோவும் 12 நிமிட வீடியோவும் ஒரே உழைப்பைக் கேட்கின்றன. ஆகவே 'குட்டி வீடியோவாகப் போட்டுத் தள்ளினால் சுலபம்' என்ற நம்பிக்கை, உடலசைவைக் காட்ட வேண்டிய நம் துறையில் செல்லாது. இரண்டாவது செய்திதான் முக்கியமானது. நேரத்தைத் தின்பது வடிவம். வலிமையைப் பற்றிய கேள்வி-பதிலும் தூக்கத்தைப் பற்றிய கேள்வி-பதிலும் எடிட்டிங் மேசையில் ஒரே 25 நிமிடம்தான். செலவு வடிவத்தில் இருப்பதால், நிலையாகக் கட்ட வேண்டியதும் அதுதான்.

வாரத்துக்கு ஒரு தூண்

பார்க்க மிக அழகான திட்டம் இது. முதல் வாரம் வலிமை, இரண்டாம் வாரம் மூட்டு அசைவு, மூன்றாம் வாரம் தூக்கமும் ஓய்வும், நான்காம் வாரம் பழக்கத்தை நிலைநிறுத்துவது. ஒரு வாரம் முழுக்க ஒரே பொருளில் இருப்பதால் நம் தலையும் ஓரிடத்தில் நிற்கும். ஒரு வீடியோவில் சொன்னதை அடுத்ததில் ஆழப்படுத்தலாம். ஏதாவது ஒன்றை நன்றாகப் படித்துத் தெளிந்து பேச விரும்பும் பயிற்சியாளருக்கு இந்த முறை மனநிறைவு தரும்.

ஆனால் ஃபிட்னஸில் இது அடிப்படையிலேயே இடறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. வாரத்தில் இரண்டு நாள் என்றால் ஒவ்வொரு வாரமும். நம் வீடியோவைப் பார்த்துத்தான் ஒருவர் பயிற்சி செய்கிறார் என்றால், நம் அட்டவணையே அவருடைய பயிற்சி அட்டவணையாகிவிடுகிறது. வலிமை வாரத்தில் ஸ்குவாட் செய்தவர் அடுத்த மூன்று வாரம் கைகால் நீட்டியும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டும் கழிக்கிறார். நாலு வாரம் கழித்து மறுபடி ஸ்குவாட் செய்யும்போது வலிமையில் பெரிய முன்னேற்றம் தெரியாது, ஏனென்றால் இடைப்பட்ட வாரங்களில் தசைக்கு வேலையே கிடைக்கவில்லை. நாம் நினைக்காமலே அவருக்கு ஒரு மோசமான பயிற்சித் திட்டத்தைக் கொடுத்துவிட்டோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தூக்கத்தைப் பற்றிய வாரத்தில் காட்ட அசைவு கிடையாது, மூன்றும் பேச்சு வீடியோ ஆகிவிடும். வலிமை வாரத்திலோ மூன்றும் அசைவு வீடியோவாகி, ஐந்து மணி நேரக் கணக்கு உடைந்துவிடும். வேலை ஒரு வாரம் லேசாகவும் ஒரு வாரம் தாங்க முடியாததாகவும் வரும். தனியாக இருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் முதலில் இடைவெளியை உண்டாக்கும்.

மாதம் முழுக்க ஒரே தொடர்

'நான்கு வாரத்தில் உங்கள் முதல் புஷ்-அப்' போன்ற திட்டம். முதல் வாரம் சுவரில் கைவைத்து, அடுத்த வாரம் மேசையில், அதற்கடுத்து நாற்காலி உயரத்தில், கடைசியில் தரையில். கைகளின் உயரம் குறையக் குறைய உடலின் எடையில் அதிகப் பங்கு கைகளுக்கு வரும் என்பதால் இந்த வரிசை உண்மையிலேயே வேலை செய்யும். ஒரு குறிக்கோளும் ஒரு முடிவும் இருப்பதால் பார்ப்பவருக்குப் பிடிப்பு உண்டாகிறது. பயிற்சியாளர் புதிய குழுவுக்கு ஆள் சேர்க்கும் மாதத்தில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பதை நான்கு வாரம் நேரிலேயே காட்டிவிடுகிறது.

சிக்கல் 'நான்கு வாரம்' என்ற சொற்களில் இருக்கிறது. 45 வயதில் மறுபடி தொடங்குபவர்களில் சிலர் மேசை உயரத்திலேயே ஒன்றரை மாதம் நிற்க வேண்டியிருக்கும். அதில் குறை ஒன்றுமில்லை. மணிக்கட்டும் தோளும் தாங்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டவணை அவரை மூன்றாம் வாரம் நாற்காலிக்குத் தள்ளுகிறது. இடுப்பு தொங்கி, முழங்கை வெளியே விரிந்து, முன்தோளில் வலியோடு அவர் நிறுத்திவிடுகிறார். கருத்துப் பகுதியில் இது எப்படித் தெரியும் என்றால், முதல் வீடியோவின் கீழே 'செய்துவிட்டேன்' என்று எழுதியவர்கள் மூன்றாவதின் கீழே காணாமல் போயிருப்பார்கள்.

வீடியோத் தளங்களும் வரிசைப்படி காட்டுவதில்லை. புதிதாக வருபவர் கண்ணில் முதலில் படுவது மூன்றாம் பாகமாக இருக்கலாம். 'போன வாரம் பார்த்தோமே' என்று தொடங்கும் வீடியோவை அவர் அங்கேயே விட்டுவிடுவார்.

இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. தொடரை வாரமாகப் பிரிக்காமல் படியாகப் பிரியுங்கள். 'வாரம் 3' என்று தலைப்பு வைக்காமல், 'மேசையில் பத்து செய்ய முடிகிறதா? அடுத்தது இது' என்று வையுங்கள். எந்தப் படியில் இருப்பவரும் தனக்குரிய வீடியோவைத் தேடிக்கொள்வார், வேண்டிய மட்டும் அங்கே நிற்பார். ஒவ்வொன்றும் தனியாகவும் நிற்கும். படி ஏறுவதற்கான அளவுகோலையும் வீடியோவுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்: இன்னும் இரண்டு செய்யத் தெம்பு இருக்கும்போது நிறுத்தி, அப்படியே பத்து வருகிறது, இடுப்பு தொங்கவில்லை என்றால் அடுத்த படி.

அப்படிச் செய்தாலும் முழு மாதத்தையும் ஒரே தொடருக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். புஷ்-அப்பில் ஆர்வமில்லாத வாடிக்கையாளருக்கு அந்த மாதம் சேனலில் எதுவுமே இல்லை.

கிழமைக்கு ஒரு வடிவம்

திங்கள் 'ஓர் அசைவு'. புதன் 'ஒரு கேள்வி'. சனி 'சேர்ந்து செய்வோம்'. இந்த மூன்றும் மாதம் முழுக்க மாறாது. கேமரா வைக்கும் இடம், தொடங்கும் விதம், எழுத்தின் அளவு, தம்ப்நெயிலின் அமைப்பு எல்லாம் ஒரு முறை முடிவு செய்தால் போதும். மாறுவது தூண் மட்டும்.

தூண்கள் எத்தனை என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன்: மூன்று. ஐந்து வைத்தால் பன்னிரண்டு வீடியோவில் ஒரு தூணுக்கு இரண்டு அல்லது மூன்றுதான் கிடைக்கும், இந்தச் சேனல் எதைப் பற்றியது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. அந்த மூன்றையும் நாற்காலியில் சாய்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கடந்த ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய செய்திகளையும் வகுப்பில் கேட்டதையும் ஒரு தாளில் எழுதிக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். நம் பயிற்சியாளரின் வாடிக்கையாளர்களிடம் மூன்று குவியல்கள் பெரிதாக வரும் என்று எதிர்பார்க்கலாம். மாடிப்படி ஏறும்போது வலுவில்லை என்பது ஒன்று. இடுப்பும் தோளும் இறுகிப்போயிருக்கின்றன என்பது ஒன்று. ஒரு வாரம் செய்கிறேன், அடுத்த வாரம் விட்டுவிடுகிறேன் என்பது ஒன்று. வலிமை, அசைவு, பழக்கம். இதுவே 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்பெடுப்பவராக இருந்தால் சமநிலை ஒரு தூணாகியே தீர வேண்டும். அந்த வயதினர் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சிகள் செய்ய வேண்டும் என்று அதே 2020 வழிகாட்டுதல் சொல்கிறது.

உணவை ஒரு தூணாக வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குரிய தகுதி இருந்தால் வைக்கலாம். இல்லாதவர் வைத்தால், இரண்டாவது மாதத்திலேயே சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள ஒருவர் 'எனக்கு என்ன சாப்பிடலாம்' என்று கேட்பார். அதற்கு நேர்மையான பதில் 'மருத்துவரிடம் கேளுங்கள்' என்பதுதான். திரும்பத் திரும்ப அந்தப் பதிலில் போய் முட்டும் பொருள் நம் சேனலுக்குத் தூணாக முடியாது.

தூணைச் சோதிக்க இன்னொரு வழி, அது மூன்று வடிவத்திலும் நிற்கிறதா என்று பார்ப்பது. பழக்கம் என்ற தூண் 'ஒரு கேள்வி'யில் சுலபமாக உட்காரும். 'ஓர் அசைவு'க்குள் எப்படி வரும்? வேலை முடிந்து எழுந்ததும் அதே மேசையில் கைவைத்துச் செய்யும் புஷ்-அப்பைக் காட்டலாம். ஒரு நேரத்தோடும் ஓர் இடத்தோடும் கட்டிய அசைவு என்பதால் அது பழக்கத்தைப் பற்றியதாகிவிடுகிறது. 'சேர்ந்து செய்வோம்' என்றால், மனசே இல்லாத நாளுக்கான 10 நிமிடம். இப்படி மூன்றிலும் ஒரு யோசனை வரவில்லை என்றால் அந்தப் பொருள் தூண் அளவுக்குப் பெரிதில்லை.

மூன்று வடிவம், மூன்று தூண் என்றால் மூன்று வாரத்தில் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு முறை தொட்டுவிடும்.

| | திங்கள்: ஓர் அசைவு | புதன்: ஒரு கேள்வி | சனி: சேர்ந்து செய்வோம் |
|---|---|---|---|
| வாரம் 1 | வலிமை: நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் | அசைவு: ஸ்ட்ரெச்சை எவ்வளவு நேரம் பிடிப்பது? | பழக்கம்: மனசே இல்லாத நாளுக்கு 10 நிமிடம் |
| வாரம் 2 | அசைவு: சுவர் முன் கணுக்கால் பயிற்சி | பழக்கம்: இரண்டு வாரம் விட்டுப்போனால் எங்கிருந்து தொடங்குவது? | வலிமை: நான்கு அசைவுகள், மூன்று சுற்று |
| வாரம் 3 | பழக்கம்: வேலை முடிந்ததும் மேசைப் புஷ்-அப் | வலிமை: மறுநாள் வலித்தால்தான் பலனா? | அசைவு: அதே நான்கு, மெதுவாக, முழு வீச்சில் |
| வாரம் 4 | காலி | காலி | காலி |

நான்காம் வாரம் காலியாக இருப்பது வேண்டுமென்றே. அதற்கு வருவதற்கு முன் கட்டங்களுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். முதல் திங்கள் ஸ்குவாட் காட்டினால் 'குதிகால் தூக்கிக்கொள்கிறது' என்று கண்டிப்பாகச் சிலர் எழுதுவார்கள். முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போகக் கணுக்கால் மடங்க மறுப்பது அதற்கு ஒரு பொதுவான காரணம். இரண்டாம் திங்கள் கணுக்கால் வருகிறது. சுவருக்கு முன் ஒரு காலை வைத்து, குதிகால் தரையை விடாமல் முழங்காலால் சுவரைத் தொடுவது; தொட முடிந்தால் காலைச் சிறிது பின்னால் நகர்த்துவது. தூண்கள் சுழலும்போது ஒன்று எழுப்பிய கேள்விக்கு மற்றது பதிலாகிறது. வாரத்துக்கு ஒரு தூண் என்ற முறையில் இந்த இணைப்பு எளிதாக வராது.

'ஒரு கேள்வி'க்கு எடுக்கும் கேள்வி ஒரே மூச்சில் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சை 10 முதல் 30 விநாடி பிடித்து இரண்டு முதல் நான்கு முறை செய்யலாம் என்ற பதில் ஒரு நிமிடத்தில் முடியும். மறுநாள் வலி, பழகாத அசைவைச் செய்த ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், அதே பயிற்சியைத் தொடர்ந்தால் குறைந்துவிடும், ஆகவே பலனுக்கு அது அளவுகோல் ஆகாது என்பதும் அப்படித்தான். 'எடையைக் குறைப்பது எப்படி' என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

இனி அந்த விதிவிலக்கு. தூண்களைச் சுழற்றும் விதியைச் சனிக்கிழமைக்கு அப்படியே பொருத்தினால், வாரத்துக்கு ஒரு தூண் முறையில் கண்ட அதே தவறு பின்வாசல் வழியாக வந்துவிடும். மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை வலிமை, மற்றவை வேறு என்றாகும். அதனால் 'சேர்ந்து செய்வோம்' எந்தத் தூணில் நின்றாலும் அதன் உடல் ஒன்றாகவே இருக்க வேண்டும். உட்கார்ந்து எழுவது, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது, தள்ளுவது, இழுப்பது என்ற நான்கு அசைவுகள் ஒவ்வொரு வாரமும் இருக்கும். தூண் மாற்றுவது அவற்றின் நிறத்தை மட்டும். பழக்க வாரத்தில் இரண்டு சுற்றோடு 10 நிமிடத்தில் முடியும். வலிமை வாரத்தில் மூன்று சுற்று. அசைவு வாரத்தில் இறங்குவதற்கு நான்கு விநாடி எடுத்துக்கொண்டு, வலியில்லாத முழு ஆழத்துக்குப் போவது. வாரம் இரண்டு நாள் வேண்டும் என்பதால், சனிக்கிழமை வீடியோவின் முடிவில் 'இதையே செவ்வாயோ புதனோ இன்னொரு முறை' என்று சொல்லிவிட வேண்டும். புதிதாக இன்னொன்று தயாரிக்கத் தேவையில்லை.

நான்கில் இழுப்பதுதான் வீட்டில் கடினம். கருவி இல்லாமல் முதுகுத் தசைக்குப் போதிய சுமை கொடுப்பது சுலபமில்லை. ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் வேண்டும் என்பதை முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 'எந்தக் கருவியும் வேண்டாம்' என்ற தலைப்புக்காக இழுக்கும் அசைவை விட்டுவிட்டு வெறும் புஷ்-அப்பாகக் கொடுத்தால், ஏற்கெனவே முன்னோக்கிக் கூனி உட்காரும் நம் வாடிக்கையாளர்களுக்கு அதிகம் தேவைப்படும் பயிற்சியே இல்லாமல் போகும்.

ஷூட் செய்யும் நாள்

மாதத்தின் எல்லா வீடியோவையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்ற அறிவுரை பேச்சு வீடியோக்காரர்களுக்குப் பொருந்தும். அசைவைக் காட்டுபவருக்குப் பொருந்தாது. நான்கு 'ஓர் அசைவு', ஒவ்வொன்றிலும் பல கோணங்கள், கூடவே நான்கு முழுப் பயிற்சி என்றால் அவர் அன்று செய்வது ஒரு விளையாட்டு வீரரின் பயிற்சி அளவு. பிற்பகலில் எடுத்த ஸ்குவாட்டில் முழங்கால் உள்ளே சாயும், முதுகு வளையும். எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் அது தெரியும். சரியான அசைவைக் கற்றுக்கொடுக்கும் வீடியோவிலேயே தவறான அசைவு.

ஆகவே மாதம் இரண்டு ஷூட். முதல் நாளில் வாரம் 1, 2. இரண்டாவது நாளில் வாரம் 3, 4. வரிசை நாட்காட்டிப்படி போகாமல் உடலின் நிலைப்படி போக வேண்டும். முதலில் 'ஒரு கேள்வி' இரண்டையும் எடுங்கள். அப்போது மூச்சு வாங்காது, சட்டை நனையாது, குரல் தெளிவாக இருக்கும். அடுத்து 'ஓர் அசைவு' இரண்டு. ஒரு டேக்கில் மூன்று முறை செய்தால் போதும், பத்து தேவையில்லை. கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தலை உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் ஸ்குவாட்டின் ஆழம் தெரியாது. இடுப்பிலிருந்து குனியும் அசைவுக்குப் பக்கவாட்டுக் கோணமே முக்கியம், முதுகு நேராக இருப்பது அங்கேதான் தெரியும். முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட முன்கோணம் வேண்டும். கடைசியில் 'சேர்ந்து செய்வோம்' இரண்டு, நடுவில் நல்ல இடைவெளியோடு. அங்கே வியர்வையும் மூச்சும் தெரிந்தால் குறையில்லை. கூடச் செய்பவருக்கு அது துணை.

இரண்டாவது ஷூட்டை இரண்டாம் வாரக் கடைசியில் வைத்துக்கொண்டால் காலியாக விட்ட நான்காம் வாரத்தின் பயன் புரியும். அதற்குள் ஐந்தாறு வீடியோக்கள் வெளியாகியிருக்கும். வந்த கேள்விகளிலிருந்து புதன்கிழமையும், 'இது எனக்கு வரவில்லை' என்று அதிகம் பேர் சொன்ன அசைவிலிருந்து திங்களும் நிரம்பும். சனிக்கிழமைக்கு அதே நான்கு அசைவுகளில் சற்றுக் கடினமான வகை.

அன்றே ஒரு 'ஒரு கேள்வி'யைக் கூடுதலாக எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். காய்ச்சலில் படுக்கும் வாரத்துக்கு அது. நாளோ வாரமோ குறிப்பிடாத கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். யூடியூப் ஷார்ட்ஸுக்கு 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை இடமிருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. 'ஓர் அசைவு' 90 விநாடியைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு அசைவுகள் உள்ளே நுழைந்திருக்கும்.

மாதக் கடைசியில் எதைப் பார்ப்பது

பன்னிரண்டு வீடியோவையும் பார்வை எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்கி, மேலே இருப்பது நல்லது, கீழே இருப்பது கெட்டது என்று முடிவு செய்வதே அதிகம் நடக்கும் தவறு. வடிவத்துக்கு வடிவம் மக்கள் பார்க்கும் விதமே வேறு. 'சேர்ந்து செய்வோம்' வீடியோவில் வார்ம்-அப்பைத் தள்ளிவிட்டுப் போவார்கள், நடுவில் நிறுத்துவார்கள், பாதியில் வேலைக்கு ஓடுவார்கள். சராசரியாக எத்தனை சதவீதம் பார்த்தார்கள் என்ற எண் அதில் குறைவாகத்தான் வரும். ஆனால் அதே ஆள் அடுத்த செவ்வாய் திரும்பி வருவார். அந்த வடிவத்தைத் திரும்பி வருபவர்களைக் கொண்டும், சேமித்துவைத்தவர்களைக் கொண்டும்தான் அளக்க வேண்டும். 'ஓர் அசைவு'க்குக் கடைசிவரை பார்த்தவர்கள் முக்கியம். 'ஒரு கேள்வி'க்கு அடுத்த கேள்வியைக் கேட்டவர்கள் முக்கியம், ஏனென்றால் அதிலிருந்துதான் அடுத்த மாதம் பிறக்கிறது.

ஒப்பிடுவது ஒரே வடிவத்துக்குள் இருக்கட்டும், அதுவும் ஒரே வயதில்: ஒவ்வொரு வீடியோவும் வெளியாகி ஏழு நாளில் எங்கே இருந்தது என்று. மாத முதல் நாளில் போட்டதையும் போன வாரம் போட்டதையும் இன்றைய எண்ணில் ஒப்பிட்டால் பழையது எப்போதும் ஜெயிக்கும்.

கிழமை வடிவத்துக்கே உரிய ஒரு நோயும் உண்டு. மூன்றாம் வாரம் வாக்கில் தொடக்கம் சடங்காகிவிடும்: 'வணக்கம், திங்கட்கிழமை ஓர் அசைவு பகுதிக்கு வரவேற்கிறேன்...' தெரிந்தவர் அதைத் தாண்டிப் போவார், தெரியாதவர் வெளியே போவார். பார்வையாளர் எங்கே விலகுகிறார் என்று காட்டும் கோடு முதல் சில விநாடிகளிலேயே வாரா வாரம் இன்னும் செங்குத்தாக விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அடையாளத்தை அறிமுக வசனத்தில் வைக்காமல் கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் வையுங்கள். அதே மூலை, அதே எழுத்து நிறம், அதே முதல் காட்சி. வாயைத் திறந்தவுடன் 'எழும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறதா?' என்று விஷயத்துக்கு வந்துவிடலாம்.

ஒரு மாதத்தில் ஒரு வடிவத்துக்கு நான்கு வீடியோதான். நான்கை வைத்து ஒரு வடிவத்தைத் தூக்கி எறிய முடியாது. ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு ஓடினால் கவனியுங்கள், பத்துச் சதவீத வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாம் மாதமும் அதே மூன்று வடிவத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எட்டு சேர்ந்த பிறகு முடிவெடுக்கலாம். ஆள் சேர்க்கும் மாதம் வந்தால், திங்கள் கட்டத்தை மட்டும் புஷ்-அப் படிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். புதனும் சனியும் அப்படியே ஓடட்டும். தொடரின் பலம் கிடைக்கும், மற்றவர்களும் பட்டினி கிடக்க மாட்டார்கள். வாரம் முழுக்க ஒரே தூண் என்ற முறைக்கு நான் விடும் இடம் ஒன்றுதான்: நீளமான ஒரு விளக்க வீடியோவை எடுத்து அதிலிருந்தே அந்த வாரத்தின் மூன்று துண்டுகளையும் வெட்டுகிற வாரம், பயணமோ குடும்ப வேலையோ இருக்கும் வாரம்.

எட்டு வீடியோவுக்குப் பிறகும் ஒரு வடிவம் தேறவில்லை என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். புதன் வடிவத்தை மாற்றும் மாதத்தில் திங்களையும் சனியையும் தொடாதீர்கள், தூண்களையும் தொடாதீர்கள். இல்லையென்றால் அடுத்த மாத எண்கள் எதனால் மாறின என்று யாராலும் சொல்ல முடியாது.